தண்ணீர் ஃபில்டருக்குப் பணம் கேட்கும் முதல் சில வரிகள்: புதிதாக எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பாலிடெக்னிக் படிக்கும் 19 வயது மாணவி ஒருவர், போர்வெல் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடைப் பிடித்துவைக்கும் மலிவான ஃபில்டர் ஒன்றைச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 50 வீடுகளில் வைத்துச் சோதிக்க, கிரவுட்ஃபண்டிங் தளம் ஒன்றில் பணம் கேட்கப் போகிறார். மாணவியும் அவருடைய கணக்கும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃப்ளோரைடு பிரச்சினை உண்மையானது. அவர் முதலில் எழுதும் தொடக்கம் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"நீரின்றி அமையாது உலகு. ஆனால் இன்றும் கோடிக்கணக்கான மக்கள் சுத்தமான குடிநீருக்காகத் தவிக்கிறார்கள். 19 வயதே ஆன இளம் கண்டுபிடிப்பாளரான நான், உலகிலேயே மலிவான, 100 சதவீதம் பாதுகாப்பான ஃபில்டரை உருவாக்கியிருக்கிறேன். என் கனவு நனவாக ஒரு ரூபாயாவது தந்து உதவுங்கள்."

இதில் பொய் எதுவும் இல்லாமலே இருக்கலாம். ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் இதை நம்பிப் பணம் அனுப்ப ஒரு காரணமும் இல்லை. இதில் அவர் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் ஒன்றுகூட இல்லை. எந்த ஊர், எந்தத் தண்ணீர், அதில் என்ன கெடுதல், யார் அளந்தது என எதுவும் தெரியவில்லை. இந்த நான்கு வரிகளையும் எந்த ஊரில் எந்த ஃபில்டருக்கு வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

தண்ணீர் சாதனம் என்றாலே சந்தேகப்படுகிறவர்கள் இணையத்தில் நிறையப் பேர். அதற்குக் காரணமும் இருக்கிறது. 2016-இல் இண்டிகோகோ தளத்தில், காற்றிலுள்ள ஈரத்தைச் சூரிய மின்சக்தியால் குளிர்வித்துத் தானாகவே நிரம்பும் தண்ணீர்ப் புட்டி என்று சொல்லி ஃபோன்டஸ் என்ற திட்டம் 3 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அவ்வளவு சிறிய சூரியத் தகட்டால் அந்த அளவு தண்ணீரைக் குளிர்வித்து எடுக்க முடியாது என்று இயற்பியல் தெரிந்தவர்கள் அப்போதே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்ட ஒருவர்தான் நம் மாணவியின் பக்கத்தையும் திறக்கிறார். அவரிடம் போய் "உலகிலேயே" என்று ஆரம்பித்தால் பக்கத்தை மூடிவிடுவார்.

சரி, இதை எப்படி மாற்றி எழுதுவது? நான் போகும் வரிசையைச் சொல்கிறேன்.

எழுதும் முன் ஆய்வக அறிக்கை

முதல் வேலை எழுதுவதில்லை, அளப்பது. ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, குடிநீரில் இருக்கிற அளவுகளில் ருசியும் தெரியாது. அதனால் தண்ணீர் ஃபில்டர் விளம்பரங்களில் வழக்கமாக வரும் அந்தப் படம், அதாவது ஒரு டம்ளரில் கலங்கல், பக்கத்தில் பளிங்குபோல ஒன்று, இங்கே எதையும் நிரூபிக்காது. இரண்டு டம்ளரும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படி ஒரு படத்தைத் தொடக்கத்தில் போட்டால், விஷயம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே "இவருக்குத் தன் பிரச்சினையே புரியவில்லை" என்று முடிவு செய்துவிடுவார். நமக்கு எண்தான் வேண்டும்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆகவே தொடக்கத்தில் மூன்று எண்கள் வேண்டும்: போர்வெல் தண்ணீரில் எவ்வளவு, ஃபில்டரிலிருந்து வந்த தண்ணீரில் எவ்வளவு, தரம் சொல்லும் எல்லை எவ்வளவு.

இரண்டாவது எண்ணில்தான் பலரும் சறுக்குகிறார்கள். புது ஃபில்டரிலிருந்து வரும் முதல் குடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டு போனால் அறிக்கை அழகாகத்தான் வரும். நம் மாணவியின் ஃபில்டரில் இருப்பது ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வெள்ளைக் குருணை. ஃப்ளோரைடு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டுவதற்கு இடம் இருக்கும்வரை வேலை நடக்கும், இடம் நிரம்பியதும் ஃப்ளோரைடு நழுவி வர ஆரம்பிக்கும். அதனால் மாதிரியை மூன்று சமயங்களில் எடுக்கச் சொல்வேன். முதல் முறை நிரப்பியபோது ஒன்று, பாதிவழியில் ஒன்று, அலுமினாவை மாற்றவேண்டிய கட்டத்தில் ஒன்று. நம் எடுத்துக்காட்டில் போர்வெல் தண்ணீர் 4.2, ஃபில்டர் தண்ணீர் முறையே 0.4, 0.6, 0.9 என்று வருகிறது. தொடக்க வரியில் போடவேண்டியது 0.9. இருப்பதிலேயே மோசமான எண்ணை முன்னால் வைத்தால், மற்ற இரண்டும் அறிக்கையில் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். 0.4-ஐப் போட்டால், அறிக்கையைத் திறப்பவர் 0.9-ஐப் பார்த்து முகம் சுளிப்பார்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஃப்ளோரைடை அளக்கப் பல ஆய்வகங்களில் ஸ்பேட்ன்ஸ் என்ற நிறமாற்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் அலுமினியம் கரைந்திருந்தால் அந்த முறை ஃப்ளோரைடை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அலுமினா ஃபில்டரிலிருந்து கொஞ்சம் அலுமினியம் தண்ணீரில் இறங்க வாய்ப்பு உண்டு. அதாவது, ஃபில்டரே அளவீட்டைத் தனக்குச் சாதகமாக ஆக்கிவிடலாம். மின்முனை வைத்து அளக்கும் முறையில், அலுமினியத்தைக் கட்டிவைக்கும் கரைசலைச் சேர்த்தே அளப்பதால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். எனவே மாதிரியைக் கொடுக்கும்போதே மின்முனை முறையில் அளக்கச் சொல்லுங்கள், அலுமினியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் முதல் வரிகளில் விளக்க வேண்டாம். அறிக்கையின் படத்துக்குக் கீழே "மின்முனை முறையில் அளந்தது" என்று மூன்று சொல் இருந்தால் போதும். தெரிந்தவர் பார்த்துக்கொள்வார்.

எங்கே கொடுப்பது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, ஆய்வகங்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. சொந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அளந்தது பழகிப் பார்க்க உதவும், ஊராரிடம் காட்ட உதவாது.

முதல் வரி: ஒரு ஊர், ஒரு எண்

இப்போது எழுதலாம். முதல் வரியில் உலகமும் வேண்டாம், இந்தியாவும் வேண்டாம்.

"எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. குடிநீரில் 1 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது."

உண்மையான பக்கத்தில் "எங்கள் ஊர்" என்பதற்குப் பதில் ஊரின் பெயரையே போட வேண்டும். ஊர்ப்பெயர் இருந்தால், சந்தேகப்படுபவர் தேடிப் பார்க்கலாம், அந்தப் பக்கம் தெரிந்தவரிடம் விசாரிக்கலாம். பெரும்பாலும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். விசாரிக்க வழி இருக்கிறது என்பதே அவருக்குப் போதும்.

அடுத்த வரி, உள்ளூர்க்காரர் கேட்கப்போகும் முதல் கேள்விக்கான பதிலாக இருக்க வேண்டும். தர்மபுரி என்றதும் அந்தக் கேள்வி தானாக வரும்: "அதான் ஒகேனக்கல் தண்ணி வருதே?" ஜப்பானின் ஜைக்கா கடனுதவியில் அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் அதிகாரபூர்வப் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் மறைத்தது போலாகும். திட்டத்தைத் திட்டவும் வேண்டாம். "கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் எங்கள் தெருவில் இதைத்தான் குடிக்கிறோம்" என்று இருப்பதை உள்ளபடி எழுதினால் போதும். ஒருவேளை உங்கள் ஊரில் தினமும் அந்தத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதென்றால், ஃபில்டரை வைக்க வேறு ஊர் பாருங்கள். எழுத்தால் சரிசெய்யக்கூடிய சிக்கல் அல்ல அது.

என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைச் சுருக்குங்கள்

ஃப்ளோரைடைப் பிடிக்க அலுமினாவைப் பயன்படுத்துவது 1930-களிலிருந்தே தெரிந்த விஷயம். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளோரைடை வீழ்படியச் செய்யும் நல்கொண்டா முறையும் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இந்த நிலையில் "நான் கண்டுபிடித்த ஃப்ளோரைடு ஃபில்டர்" என்று எழுதினால், தேடுபொறியில் ஒரு நிமிடம் செலவிட்டவர் உங்களைப் பிடித்துவிடுவார்.

அப்படியானால் மாணவி செய்தது என்ன? வீட்டு அலுமினா ஃபில்டர்களின் பெரிய தொல்லை, குருணை எப்போது தீர்ந்துபோனது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போவது. தண்ணீர் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஃப்ளோரைடு மட்டும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். மாணவி, தன் இரண்டு வாளி ஃபில்டரின் மேல் வாளியில் ஒரு மிதவையையும் பல்சக்கரத்தையும் பொருத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறை 20 லிட்டர் நிரப்பும்போதும் சக்கரம் ஒரு பல் நகரும். அறுபதாவது பல்லில் சிவப்பு தெரியும். அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு.

ஏன் 60? கணக்கு எளிது. ஒரு கிராம் அலுமினா, அந்த ஊர்த் தண்ணீரில் சுமார் 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடைப் பிடிக்கிறது என்று சோதனையில் தெரிந்தது என்க. 3 கிலோவுக்கு 4,500 மில்லிகிராம். லிட்டருக்குச் சராசரியாக 3.6 மில்லிகிராம் எடுக்கவேண்டும் என்றால் 1,250 லிட்டர் வரை தாங்கும். 20 லிட்டராக 60 முறை என்றால் 1,200 லிட்டர், எல்லைக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் இரண்டு மாதம் வரும். தண்ணீரின் காரத்தன்மை கூடினால் அலுமினாவின் திறன் குறையும் என்பதால், வேறு ஊருக்கு இந்த 60 பொருந்தாது. இந்தக் கணக்கு பக்கத்தின் நடுவில் வரட்டும். தொடக்கத்தில் இவ்வளவு போதும்:

"அலுமினா ஃப்ளோரைடைப் பிடிக்கும் என்பது பழைய விஷயம். அது தீர்ந்துபோனதை வீட்டிலேயே காட்டும் சக்கரம்தான் நான் செய்தது."

இப்படித் தன் பங்கைச் சிறியதாகச் சொல்பவரை நம்புவது எளிது. பெரியதாகச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று வாசிப்பவர் ஒரு கணம் யோசிப்பார்.

முடியாததை ஒரு வரியில்

இந்த ஃபில்டர் உப்பை எடுக்காது. கிருமியைக் கொல்லாது. ஏற்கெனவே பல்லில் விழுந்த பழுப்புக் கறையையோ எலும்பில் ஏற்பட்ட பாதிப்பையோ மாற்றாது. இவற்றில் முதல் இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "சுத்தமான தண்ணீர்" என்றதும் மக்கள் முதலில் நினைப்பது கிருமியைத்தான். காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடும் போய்விடும் என்று நம்புபவர்களும் உண்டு. உண்மையில் தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் ஃப்ளோரைடின் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். இதையும் நடுப்பகுதியில் சேர்க்கலாம். மூன்றாவது விஷயத்தை, நோய் பற்றிப் பேசும் இடத்தில் எழுதுங்கள். குழந்தைகளின் பல்லைப் படமெடுத்து முதலில் போடும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் இணையத்தில் என்றைக்கும் இருக்கும், ஃபில்டரோ அந்தப் பல்லை வெளுப்பாக்கப் போவதில்லை.

"100 சதவீதம்", "முற்றிலும் பாதுகாப்பானது" என்ற சொற்களை எங்கே கண்டாலும் வெட்டுங்கள். 4.2 என்பது 0.9 ஆனால், நீங்கியது ஏறக்குறைய 79 சதவீதம். "79 சதவீதம் நீக்குகிறது" என்று எழுதினால் ஏதோ குறை உள்ளதுபோலத் தெரியும். ஆனால் 1-க்குக் கீழே வந்துவிட்டது என்பதுதான் இங்கே முக்கியம். அதனால் சதவீதத்தையே விட்டுவிட்டு இரண்டு எண்களையும் அப்படியே கொடுப்பது நல்லது.

வயது எங்கே வர வேண்டும்

"19 வயதே ஆன" என்று ஆரம்பித்தால் பாராட்டு நிறைய வரும், பகிர்வும் வரும். பணம் அனுப்ப நினைப்பவருக்கோ வேறு ஒரு கேள்வி எழும்: ஏதாவது தப்பாகிவிட்டால் யாரைக் கேட்பது? அதனால் வயது, வேலையைச் சொல்லி முடித்த பிறகு வரட்டும், அதுவும் பொறுப்பேற்கும் ஒருவரோடு சேர்ந்து வரட்டும். "நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவி. பணம் கல்லூரிக் கணக்குக்குப் போகிறது, துறைத் தலைவரின் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது" என்பது போல.

கண்டுபிடித்தவர் 18 வயதுக்குக் கீழே என்றால் இது கட்டாயமே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவரால் செல்லத்தக்க ஒப்பந்தம் போட முடியாது. பெற்றோரோ பள்ளியோதான் கணக்கு வைத்திருப்பார்கள். யார் பெயரில் கணக்கு என்பதை வாசிப்பவர் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

தொகையும், கேட்கும் விதமும்

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2014-இல், கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் வந்த 45,000-க்கும் மேற்பட்ட திட்டங்களின் சொற்றொடர்களை அலசினார்கள். "ஒரு டாலராவது" என்கிற மாதிரி கெஞ்சும் தொடர்கள், நிதி கிடைக்காமல் போன திட்டங்களோடு சேர்ந்து வந்தன. கெஞ்சியதால்தான் தோற்றன என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நம் மாணவியின் "ஒரு ரூபாயாவது" அந்த வகைதான். அதை எடுத்துவிட்டு, ஒரு வேலையும் அதற்கான தொகையும் வைக்கலாம்.

மாதிரிக் கணக்கு இது: ஃபில்டர் ஒன்று 1,900 ரூபாய் வீதம் 50-க்கு 95,000. நான்கு மாதத்தில் ஒரு முறை அலுமினா மாற்ற 150 கிலோ, கிலோ 120 வீதம் 18,000. ஒவ்வொரு ஃபில்டருக்கும் 4 பரிசோதனை, ஒன்று 150 வீதம் 30,000. போக்குவரத்துக்கும் தளக் கட்டணத்துக்கும் 17,000. மொத்தம் 1,60,000. தொடக்கத்தில் மொத்தத் தொகை, வீடுகளின் எண்ணிக்கை, மாதம் ஆகிய மூன்றும் வந்தால் போதும். "பரிசோதனைக்கு மட்டும் 30,000" என்று சேர்த்தால் இன்னும் நல்லது. பொருளை விற்றுவிட்டு ஓடுபவர் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்க மாட்டார்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி வரும்:

"எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறது. குடிநீரில் 1 மில்லிகிராமுக்குமேல் இருக்கக்கூடாது. கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் இதைத்தான் குடிக்கிறோம். எங்கள் வீட்டில் ஓடும் இரண்டு வாளி ஃபில்டரில், அலுமினா மாற்றவேண்டிய கடைசி நாளிலும் 0.9தான் வந்தது, ஆய்வக அறிக்கை கீழே இருக்கிறது. அலுமினா ஃப்ளோரைடைப் பிடிக்கும் என்பது பழைய விஷயம். அது தீர்ந்துபோனதைக் காட்டும் சக்கரம்தான் நான் செய்தது. உப்பையும் கிருமியையும் இது எடுக்காது. நான் பாலிடெக்னிக் மாணவி. பணம் கல்லூரிக் கணக்குக்குப் போகிறது. 50 வீடுகளில் நான்கு மாதம் வைத்துப் பார்க்க 1,60,000 ரூபாய் வேண்டும், அதில் 30,000 பரிசோதனைக்கு மட்டும்."

அழகான உரைநடை என்று சொல்ல மாட்டேன். வேண்டுமென்றால் கடைசி இரண்டு வாக்கியங்களை உங்கள் வாய்மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வெளியிடும் முன்

எழுத்துப்பிழை பாருங்கள். ஈதன் மோலிக் என்ற பேராசிரியர் 2014-இல் வெளியிட்ட கிக்ஸ்டார்ட்டர் ஆய்வில், பிழையுள்ள பக்கங்களின் வெற்றி வாய்ப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. நம் விஷயத்தில் ஆபத்தான பிழை ஒற்று மிகுவதிலோ மிகாததிலோ இல்லை, அலகில்தான். ஒரு வரியில் மில்லிகிராம், இன்னொரு வரியில் பிபிஎம் என்று மாறி மாறி வந்தால், இரண்டும் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரியாதவர் குழம்புவார், தெரிந்தவர் கவனக்குறைவு என்று நினைப்பார்.

அப்புறம், உங்களைத் தெரியாத ஒருவரிடம் இந்த வரிகளை மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தோழியிடமோ ஆசிரியரிடமோ வேண்டாம், அவர்கள் ஏற்கெனவே நம்பியாயிற்று. படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள்: இது எதை நீக்குகிறது, எதை நீக்காது, பணம் யாரிடம் போகிறது. "ஏதோ தண்ணிய சுத்தம் பண்ணுது" என்று பதில் வந்தால் முதல் வரியில் ஃப்ளோரைடு போதுமான அளவு முன்னால் இல்லை. "கல்லூரியா, அந்தப் பொண்ணா?" என்று தடுமாறினால் கணக்கு பற்றிய வரியை இன்னும் தெளிவாக்குங்கள்.

கடைசியாக, தொடுப்பை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் தலைப்பும் முதல் வரியின் ஒரு துண்டும்தான் தெரியும். அந்தத் துண்டு "4.2" என்ற எண் வருவதற்கு முன்பே அறுந்துபோனால், வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: "லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் ஃப்ளோரைடு: எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர்."